சைக்கிள் டைம் 9 நாளிலிருந்து 3 நாளுக்கு இறங்கிவிட்டது. மில்காரருக்கு ஏன் ஒன்றும் மாறவில்லை?

2 ஜூன் 2025, இரவு 9.40 – வாவிக்கரை

மட்டக்களப்பில் நாங்கள் ஐந்து பேர். அம்பாறைப் பக்கத்து நெல் மில்களுக்குக் கொள்வனவு, பில், இருப்பு பார்க்கிற மென்பொருள் செய்கிறோம். போன வருஷம் ஓகஸ்ட் வரை, ஒரு டிக்கெட்டை, அதாவது மில்காரர் கேட்ட ஒரு வேலையை, கையில் எடுத்த நாளிலிருந்து முடிக்கிற நாள் வரை சராசரி 9 வேலை நாள் போனது. இதைத்தான் நாங்கள் சைக்கிள் டைம் என்கிறோம். ஒவ்வொருவரும் மூன்று டிக்கெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவிக்கொண்டிருந்தோம். செப்டெம்பரில் ஆளுக்கு ஒன்றுதான் என்று கட்டினோம். டிசம்பரில் சராசரி 3 நாள். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, இரவு வேலை நின்றது.

போன கிழமை ஒரு மில்லின் கணக்காளர் முகத்துக்கு நேரே சொன்னார்: "நீங்க ஒண்டும் வேகமாகல்ல தங்கச்சி. கேட்டா ஒண்டரை மாசம், அண்டைக்கும் அதுதான், இண்டைக்கும் அதுதான்."

வீட்டுக்கு வந்து பழைய வாட்ஸ்அப் செய்திகளையும் ரிலீஸ் திகதிகளையும் ஒப்பிட்டேன். அவர் சொன்னது சரி. அப்படியானால் எங்கள் 3 நாள் பொய்யா?

2 ஜூன், இரவு 10.25 – ஊசிமுனை

சைக்கிள் டைம் என்றால் ஒரு ஆள் ஒரு துண்டுக்கு எடுக்கிற நேரம். ஸ்டாப்வாட்ச் பிடித்து எடுப்பது. எங்கள் லைனில் கொலர் வைக்க 48 செக்கன். நாள் கணக்கில் சொல்வதெல்லாம் சைக்கிள் டைமே இல்லை. நான் ஒன்பது வருஷமாக லைன் சுப்பர்வைசர், இதைத்தான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். உங்கள் ஆட்களுக்கு டார்கெட் வையுங்கள், தானாக இறங்கும்.

3 ஜூன், காலை 6.10 – கல்முனை 65

ஊசிமுனை தம்பி சொல்வது தொழிற்சாலைக் கணக்கு. அங்கே அது சரி. எத்தனை செக்கனுக்கு ஒரு துண்டு வெளியே வருகிறது என்பதைத்தான் அங்கே அந்தப் பெயரால் சொல்வார்கள். மென்பொருள்காரர் அதே சொல்லை எடுத்து வேறு பொருளில் பாவிக்கிறார்கள்: வேலையைத் தொடங்கியதிலிருந்து முடித்தது வரை. இரண்டு தொழிலிலும் இருந்தவன் என்றபடியால் சொல்கிறேன், இந்தச் சொல்லுக்காகவே கூட்டங்களில் மணிக்கணக்காகச் சண்டை பிடித்திருக்கிறோம்.

தம்பி, ஒன்று பார்த்துச் சொல்லும். உங்கள் லைனில் செவ்வாய்க்கிழமை வெட்டிய துணி எத்தனையாம் நாள் பெட்டிக்குள் போகிறது? 48 செக்கனைக் கூட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டாம். கண்ணால் ஒரு கட்டைப் பின்தொடர்ந்து பாரும்.

வாவிக்கரைப் பிள்ளை, உமது 3 நாள் பொய் இல்லை. அது வேறு ஒரு கேள்விக்கான பதில். சராசரியை விடும். ஒரே ஒரு டிக்கெட்டை எடுத்து, அதன் திகதிகளை எல்லாம் இங்கே வையும்.

3 ஜூன், இரவு 8.50 – வாவிக்கரை

வைக்கிறேன் ஐயா. அந்தக் கணக்காளர் கேட்டதையே எடுத்தேன்: நெல் வாங்கும் பில்லில் ஈரக் கழிவைத் தனியாக எழுத ஒரு வரி.

ஜனவரி 3: வாட்ஸ்அப்பில் கேட்டார்.
ஜனவரி 8: எங்களில் ஒருவர் அதை, வேலைகளை எல்லாம் வரிசைப்படுத்தும் போர்ட்டில் டிக்கெட்டாகப் போட்டார்.
பெப்ரவரி 10: ஒருவர் கையில் எடுத்தார்.
பெப்ரவரி 13: முடிந்தது, பரிசோதித்தும் ஆயிற்று.
பெப்ரவரி 21: ரிலீஸ், மில்லுக்குப் போனது.

மொத்தம் 49 நாள். அதில் நாங்கள் கை வைத்தது 3 நாள். அந்த மூன்றுக்குள்ளும் பெப்ரவரி 12 போயா விடுமுறை. மிச்சம் 46 நாளும் அது எங்கோ ஒரு இடத்தில் சும்மா கிடந்திருக்கிறது. போட முதல் 5 நாள், போட்ட பிறகு 33 நாள், முடித்த பிறகு 8 நாள்.

இதை எழுதிப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. செப்டெம்பரிலிருந்து நாங்கள் உழைத்த உழைப்பெல்லாம் அந்த 3 நாளுக்குள்தான்.

3 ஜூன், இரவு 9.30 – நெல்லுமூட்டை

அந்தக் கணக்காளர் நான்தான். பெயர் போடாமல் எழுதியதுக்கு நன்றி தங்கச்சி.

ஏன் ஜனவரி 3 இல் கேட்டேன் என்று மற்றவர்களுக்கும் சொல்கிறேன். பெரும்போக வெட்டு ஜனவரிக் கடைசியில் எங்கள் பக்கம் தொடங்கிவிடும். ஈரம் 14 வீதத்தைத் தாண்டிய நெல்லுக்கு நாங்கள் கழிவு போடுகிறோம். அந்த வரி பில்லில் இல்லாவிட்டால் நிறையைக் குறைத்து எழுத வேண்டி வரும். விவசாயி தன்னுடைய துண்டையும் எங்கள் துண்டையும் வைத்துப் பார்த்து, நிறையில் களவெடுத்ததாக நினைப்பார். மூன்று கிழமை கையால் எழுதிக் கொடுத்தேன். பெப்ரவரி 21 இல் அந்த வரி வந்தபோது எங்கள் கொள்வனவில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

எனக்கு ஞாயிறும் நாள்தான், போயாவும் நாள்தான். மில் ஓடுகிறது.

4 ஜூன், காலை 5.55 – கல்முனை 65

இனிச் சொல்கிறேன். கணக்காளர் எண்ணுவது லீட் டைம், கேட்டதிலிருந்து கையில் கிடைத்தது வரை, 49. நீங்கள் எண்ணியது சைக்கிள் டைம், 3. இரண்டாவது, வேலை உங்கள் கைக்குள் வந்த பிறகு எப்படி ஓடுகிறது என்பதைக் காட்டும். ஒருவர் பல வேலையில் சிதறுகிறாரா, பரிசோதனையில் தேங்குகிறதா என்பது அதில் தெரியும். முதலாவது, கதவுக்கு வெளியே எவ்வளவு நீளத்துக்கு வரிசை நிற்கிறது என்பதையும் சேர்த்துக் காட்டும். வரிசை நீளமாக இருக்கும்போது உள்ளே எவ்வளவு வேகம் என்பது வெளியில் நிற்பவருக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்று கேட்க வேண்டும். ஓகஸ்டிலும் டிசம்பரிலும் கிழமைக்கு எத்தனை டிக்கெட் முடித்தீர்கள்? கையில் எத்தனை, காத்திருந்தது எத்தனை?

4 ஜூன், பகல் 1.15 – வாவிக்கரை

சாப்பாட்டு நேரத்தில் எண்ணினேன்.

ஓகஸ்ட்: கிழமைக்கு ஏறக்குறைய 8 முடிந்தது. கையில் 14, வரிசையில் 31.
டிசம்பர்: கிழமைக்கு ஏறக்குறைய 8 முடிந்தது. கையில் 5, வரிசையில் 40.

கூட்டினால் இரண்டு தடவையும் 45.

எழுதும்போதே விளங்குகிறது. நாங்கள் எதையும் வேகமாக்கவில்லை. 9 டிக்கெட்டை மேசையிலிருந்து எடுத்து வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறோம்.

4 ஜூன், மாலை 6.20 – கல்முனை 65

ஓம். அதுதான் விடயம். ஜோன் லிட்டில் 1961 இல் நிரூபித்த சூத்திரம் ஒன்று இருக்கிறது. பெரிய கணிதம் இல்லை, தபாற்கந்தோர் வரிசைக்கும் பொருந்தும். உள்ளே இருப்பதை, வெளியேறும் வேகத்தால் பிரித்தால் சராசரியாகத் தங்கும் நேரம் வரும்.

```
கைக்குள்:   5 / 1.6 ≈ 3 வேலை நாள்   (ஓகஸ்டில் 14 / 1.6 ≈ 9)
வரிசையில்: 40 / 8 = 5 கிழமை
```

1.6 என்பது கிழமைக்கு 8 என்பதை ஐந்து வேலை நாளால் பிரித்தது. உமது ஈரக் கழிவு டிக்கெட் வரிசையில் 33 நாள் கிடந்ததே, அது இந்த 5 கிழமைதான். யாருடைய சோம்பலும் இல்லை.

ஆளுக்கு ஒன்று என்று கட்டியதை வீண் என்று நினைக்க வேண்டாம். கையில் 14 இருந்த காலத்தில் ஒன்று அவசரமானால் அதை நுழைக்கவே இடம் இருந்திராது. இப்போது வரிசையின் தலைக்கு ஒன்றைக் கொண்டுவந்தால் மூன்று நாளில் முடியும். அந்தப் பலன் உண்மையானது. அதை ஈரக் கழிவுக்குப் பாவிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு எல்லையும் உண்டு. வருவதும் போவதும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் காலத்துக்குத்தான் இந்தக் கணக்கு. அறுவடை மாதங்களில் உங்களுக்கு எப்படி?

4 ஜூன், இரவு 10.05 – வாவிக்கரை

அறுவடை நேரத்தில் கிழமைக்கு 10 வரும், 8 போகும். பெப்ரவரிக் கடைசியில் வரிசை 52 வரை போனது. சித்திரை வருஷத்துக்குப் பிறகு வருவது குறைந்து திரும்ப 40 இல் நிற்கிறது. அப்படியானால் அந்த மாதங்களில் ஒவ்வொரு கிழமையும் 2 கூட, அதாவது புதிதாகக் கேட்பவருக்கு ஒவ்வொரு கிழமையும் ஒன்றேமுக்கால் நாள் கூடிக்கொண்டே போயிருக்கிறது. நாங்கள் எல்லாருக்கும் "ஒரு மாசத்துக்குள்ள" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

5 ஜூன், காலை 9.12 – மருதமுனைத் தறி

எனக்கு கம்பியூட்டர் விளங்காது. மகன் இந்தப் பக்கத்தைக் காட்டினான், வாசித்துப் பார்த்தேன், எங்கட வீட்டுக் கதை மாதிரியே இருக்கு. ரெண்டு தறி. ஒரு சேலை நெய்ய ரெண்டு நாள். ஆனா ஓடர் தந்த ஆளுக்குக் கிடைக்க ஏழு கிழமை. இன்னொரு தறி போட்டா சரியாகுமா? கடன் எடுக்கிறதா விடுறதா என்று யோசிக்கிறேன்.

5 ஜூன், மாலை 7.00 – கல்முனை 65

ராத்தா, தறி வாங்க முதல் ஒன்று பாருங்கள். உங்கள் தறி இரண்டும் நாள் முழுக்க ஓடுகிறதா, அல்லது பாவுக்காகச் சும்மா நிற்கிறதா?

5 ஜூன், இரவு 8.35 – மருதமுனைத் தறி

நிக்கும். ஒரு பாவு போட்டா அஞ்சாறு சேலை அதே நிறத்தில வரும். அதால அந்த நிறத்துக்கு நாலு பேராவது கேக்கும் வரைக்கும் பாவு போடுறதில்ல. சாயம் போட்ட நூல் வரவும் நாள் எடுக்கும்.

5 ஜூன், இரவு 9.15 – வாவிக்கரை

ராத்தா, இது எங்களுடைய ரிலீஸ்தான்! நாங்கள் இரண்டு கிழமைக்கு ஒரு வெள்ளிதான் ரிலீஸ் போடுகிறோம். பல மில்களில் இணையம் ஒழுங்கில்லை, ஒருவர் நேரே போய் ஒவ்வொரு கம்பியூட்டரிலும் போட வேண்டும். அதனால் சேர்த்துவைத்துக் கொண்டுபோகிறோம். ஈரக் கழிவு 8 நாள் அதில் கிடந்தது. நெய்து முடிந்த சேலை வீட்டில் மடித்திருந்த மாதிரி. உங்களுடையது நெய்ய முதல் காத்திருக்கிறது, எங்களுடையது நெய்த பிறகு.

மூன்றாவது தறியும் அதே பாவுக்குக் காத்துக்கொண்டுதான் நிற்கும் என்று எனக்குப் படுகிறது. தறித் தொழில் எனக்குத் தெரியாது, ஐயா சொல்வதைக் கேளுங்கள்.

5 ஜூன், இரவு 11.20 – அக்கரைப்பற்று பஸ்

நான் கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். எங்கள் லீட் டைம் ஒரு நாளுக்கும் குறைவு, டாஷ்போர்டில் பச்சையாக இருக்கும். 49 நாள் என்பது ரொம்பவே மோசம். தானியங்கி டிப்ளோய்மெண்ட் போடுங்கள், முடிந்தது.

6 ஜூன், காலை 7.30 – வாவிக்கரை

உங்கள் ஒரு நாள் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது? மென்பொருள் குழுக்களை அளக்கப் பாவிக்கும் டோரா அளவீட்டில் வரும் லீட் டைம், கோட் கமிட் ஆன நேரத்திலிருந்து பாவனைக்குப் போகும் வரைக்குமானது. அந்தக் கணக்கில் எங்கள் ஈரக் கழிவு 49 இல்லை, ஏறக்குறைய 8. அதற்கு முந்திய 41 நாள் அந்த டாஷ்போர்டில் தெரியவே தெரியாது.

6 ஜூன், காலை 8.05 – அக்கரைப்பற்று பஸ்

கமிட்டிலிருந்துதான். சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் அது ரிலீஸ் வழி சீராக இருக்கிறதா என்று பார்க்க வைத்த அளவு. வாடிக்கையாளர் எப்போது கேட்டார் என்பது எங்களுக்கு வருவதே இல்லை, அது வேறு பிரிவு. எங்கள் கையில் இல்லாததுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு?

6 ஜூன், இரவு 9.50 – வாவிக்கரை

நான் முதல் நாள் எழுதியதைத் திருத்த வேண்டும். 3 நாள் என்றேன். இன்றைக்குப் பழைய டிக்கெட்டுகளின் வரலாற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இரண்டு பிழை.

ஒன்று, வேலை தொடங்கி நடுவில் ஏதோ தகவல் இல்லாமல் போனால் டிக்கெட்டைத் திரும்ப வரிசைக்குத் தள்ளியிருக்கிறோம். பிறகு எடுக்கும்போது மணிக்கூடு புதிதாக ஓடுகிறது. முதல் தடவை `In Progress` போன திகதியிலிருந்து எண்ணினால் டிசம்பர் சராசரி 3 இல்லை, நாலரை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆளுக்கு ஒன்றுதான் என்ற கட்டுப்பாட்டை மீறக் கூடாதென்றுதான் தள்ளியிருக்கிறார்கள். நான் வைத்த கட்டுப்பாடே அந்த வழியைத் திறந்துவிட்டது.

இரண்டு, சராசரிக்குள் வருவது முடிந்த டிக்கெட் மட்டும். நிறைத் தராசை நேரே மென்பொருளுடன் இணைக்கும் டிக்கெட் மார்ச் 24 இல் எடுத்தது, இன்றைக்கு 74 நாள், இன்னும் முடியவில்லை. அது முடியாத வரைக்கும் எந்தச் சராசரியிலும் அது இல்லை. போர்ட் அழகாகத் தெரிகிறது, அந்த ஒன்று அடியில் ஊறிக்கொண்டு கிடக்கிறது. இனிக் காலையில் முடிந்தவற்றின் சராசரியைப் பார்க்க முதல், முடியாதவற்றின் வயதைப் பார்க்கப் போகிறோம்.

7 ஜூன், காலை 6.40 – கல்முனை 65

நல்ல வேலை பிள்ளை. சராசரியை வாடிக்கையாளருக்குச் சொல்லவும் வேண்டாம். சராசரி 6 கிழமை என்றால் கொஞ்சப் பேருக்கு 9 கிழமை ஆகியிருக்கும், அவர்கள்தான் உங்களை ஞாபகம் வைத்திருப்பார்கள். கடைசி 60 டிக்கெட்டின் நாட்களை ஷீட்டில் F நிரலில் போட்டு இதைப் பாரும்:

```
=PERCENTILE(F2:F61, 0.85)
```

வரும் எண்ணுக்குள் நூற்றுக்கு 85 முடிந்திருக்கிறது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம்.

9 ஜூன், இரவு 7.25 – ஊசிமுனை

ஐயா கேட்டதுக்காக ஒரு கட்டில் சிவப்பு நூல் கட்டிப் பின்தொடர்ந்தேன். செவ்வாய் வெட்டியது. பெட்டிக்குள் போனது இன்றைக்கு, திங்கள். மெஷின்களுக்கு இடையில் கட்டுகள் மலை மாதிரிக் கிடக்கின்றன. ஒவ்வொருவரும் டார்கெட்டை அடித்துவிட்டு அடுத்தவரின் கூடைக்குள் போடுகிறார்கள். டார்கெட் வையுங்கள் என்று எழுதினேன், அதைத் திரும்ப எடுக்கிறேன். ஆனால் சைக்கிள் டைம் என்ற சொல்லை நீங்கள் பிழையாகத்தான் பாவிக்கிறீர்கள். அதில் மாற்றமில்லை.

17 ஜூன், இரவு 10.10 – வாவிக்கரை

40 டிக்கெட்டையும் வைத்துக்கொண்டு மில் மில்லாகத் தொலைபேசி எடுத்தோம். இரண்டரை நாள் போனது. 17 பேர் "அது இப்ப தேவையில்ல" என்றார்கள். சிலர் கேட்டதையே மறந்துவிட்டார்கள். ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எக்செல்லில் தானே செய்துகொண்டுவிட்டார். மிச்சம் 23. எட்டால் பிரித்தால் மூன்று கிழமைக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வரி கோட் எழுதாமல் இரண்டு கிழமை குறைந்திருக்கிறது.

ரிலீஸையும் ஒவ்வொரு வெள்ளியும் போட முடிவெடுத்தோம். இணையம் உள்ள மில்களுக்கு தொலைவிலிருந்து, மற்றவைக்கு மட்டும் நேரே.

18 ஜூன், காலை 6.00 – கல்முனை 65

அந்த 17 ஐ அழித்துவிட வேண்டாம், வேறாக வையும். நீக்கிவிட்டால் அவர்கள் காத்திருந்த நாட்கள் எந்தக் கணக்கிலும் வராது. அடுத்த மாதச் சராசரி இறங்கும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். ஆனால் அந்த 17 பேருக்கும் லீட் டைம் முடியவேயில்லை. காத்திருந்து போனவர்கள் அவர்கள்.

18 ஜூன், பகல் 12.50 – நெல்லுமூட்டை

மணிக்கூடு எங்கே தொடங்குகிறது என்பதையும் பேசுங்கள். இவர்கள் போர்ட்டில் போட்ட நாளிலிருந்து எண்ணினால் என்னுடையது 44. நான் செய்தி அனுப்பிய நாளிலிருந்து 49. அந்த 5 நாளும் எனக்கு நாள்தான்.

18 ஜூன், இரவு 8.15 – கல்முனை 65

இதில் எனக்கும் கணக்காளருக்கும் ஒத்துவராது. ஒரு செய்தி வந்தவுடனேயே அது வேலை ஆகிவிடாது. சிலது கேள்வி, சிலது யோசனை. ஓம் செய்வோம் என்று ஏற்ற நாளிலிருந்து எண்ணுவதுதான் நியாயம் என்பது என் எண்ணம்.

18 ஜூன், இரவு 9.00 – வாவிக்கரை

ஐயா, நான் இந்த ஒன்றில் கணக்காளர் பக்கம். ஏற்ற நாளிலிருந்து எண்ணினால், ஏற்கிறதைத் தள்ளிப்போட்டாலே எண் அழகாகிவிடும். `In Progress` திகதியில் நாங்கள் அறியாமல் செய்ததை இங்கே அறிந்து செய்வோம். கேட்ட நாள், போட்ட நாள், எடுத்த நாள், முடித்த நாள், கொடுத்த நாள். ஐந்தையும் ஷீட்டில் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று மறுப்பதானால் அதுவும் ஒரு திகதிதான், இரண்டு நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். ஆனால் யார் மறுப்பது என்பது எங்கள் குழுவுக்குள் இன்னும் முடிவாகவில்லை. மில்காரரிடம் மாட்டேன் என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வருகுதில்லை.

2 ஜூலை, காலை 10.30 – மருதமுனைத் தறி

தறி வாங்கல்ல. ரெண்டு நிறத்துக்கு மட்டும் ஓடர் வருமுன்னமே பாவு போட்டு வைத்திருக்கிறேன். அந்த ரெண்டு நிறமும் கேட்டா பத்து நாள். மற்ற நிறம் அதே ஏழு கிழமைதான், அதை முதலிலேயே சொல்லிப்போடுறேன்.

18 ஜூலை, இரவு 9.35 – வாவிக்கரை

சிறுபோக வெட்டுக்கு முதல் கணக்காளர் கேட்ட ஒன்று: விவசாயிக்குக் கொடுக்கும் துண்டில் சாக்கு எண்ணிக்கை.

கேட்டது ஜூன் 23, போட்டதும் அன்றைக்கே. எடுத்தது ஜூலை 7. முடிந்தது ஜூலை 9. மில்லுக்குப் போனது ஜூலை 11. மொத்தம் 18 நாள். அதில் இன்னமும் 14 வரிசையில்தான்.

18 ஜூலை, இரவு 10.20 – நெல்லுமூட்டை

18 சரி, நானும் எண்ணினேன். துண்டு நன்றாக இருக்கிறது. தராசு எங்கே?

18 ஜூலை, இரவு 10.45 – வாவிக்கரை

தராசு 116 நாள். தராசு விற்றவர்களிடம் கேபிளுக்கான குறிப்பைக் கேட்டுக் காத்திருக்கிறோம். குழுவில் இரண்டு பேர் அந்த நாட்களைக் கழிக்க வேண்டும் என்கிறார்கள், பிழை எங்களுடையது இல்லை என்று. நான் கழிக்கவில்லை. ஷீட்டில் மேலே முதலாவது வரியாக வைத்திருக்கிறேன். நாளைக் காலை அவர்களுடைய கடைக்கு நேரே போகிறேன்.